எந்தக் குத்து குறையும்?

ரெங்கராஜ் அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வந்தான். அம்மா மண்டபம் ரோட்டில் மின்சாமான் கடை வைத்திருக்கிறவன், மே மாத வெயிலில் ஃபேன் வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் கடையைப் பூட்டுகிறான் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று பிரேமலதாவுக்குப் புரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றும்போதே அவன் சிரித்தான். குழந்தை பிறந்ததிலிருந்து அவன் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை.

"பிரேமா, வழி கிடைச்சிருச்சு. இனிமே சாமிக்கு ஊசியைப் பத்தி நீ கவலையே படவேணாம்."

சாமி என்பது அவர்கள் மகன். ரெங்கராஜின் இறந்துபோன அப்பாவின் பெயரான ரங்கசாமியைத்தான் வைத்திருந்தார்கள், கூப்பிடுவது சாமி. அவன் அம்மாவின் மடியில், ஒரு கை தலைக்கு மேலே கிடக்க, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அவன் ரத்தம் சரியாக உறையாது. பிரேமலதாவின் அண்ணன் பூவரசனுக்கு ஹீமோபிலியா என்பதால், பிரசவத்தின்போதே தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தார்கள். பயந்த மாதிரியே வந்தது, கடுமையான வகைதான். அவளுக்கு ஒன்றும் செய்யாமல், அவள் வழியாக வந்து, அண்ணனைப் பிடித்தது மகனையும் பிடித்துக்கொண்டது. இந்த நினைப்பை அவள் யாரிடமும் பேசியதில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போது மட்டும் சில நாள் கண் கலங்கும்.

பிறந்தவுடன் போட்ட ஊசிக்கே தொடையில் ஒரு நாணயம் அளவுக்கு நீலம் பாரித்திருந்தது. நாலைந்து நாளில் அது மறைந்துவிட்டாலும் ரெங்கராஜின் மனதில் மறையவில்லை. அன்றிலிருந்து பிரேமலதா கையில் வளையல் போடக் கூடாது, பார்க்க வருகிறவர்கள் மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்று வீடு முழுக்கச் சட்டம். ஆறாவது வாரத்தில் அடுத்த தடுப்பூசி என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, "ஊசியே வேணாம், நான் வீட்டை விட்டே வெளிய அனுப்ப மாட்டேன், எங்கேருந்து நோய் வரும்?" என்று நின்றவன் அவன்.

அப்போது தொட்டியத்திலிருந்து பூவரசன் வந்து பேசிவிட்டுப் போனான். தொட்டியத்தில் வாழைத்தார் ஏலம் எடுக்கிறவன். மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து இடது முழங்கால் சரியாக மடங்காது, காலைச் சுழற்றிப் போட்டுத்தான் நடப்பான். "மாப்ள, எனக்கும் முதல் ஊசியில தொடை வீங்கிச்சு. எங்கம்மா பயந்து அதோட நிறுத்திட்டாங்க. நாலு வயசுல கக்குவான் இருமல் வந்துச்சு. இருமி இருமி கண்ணு ரெண்டும் ரத்தமாப் போயி, அப்புறம் மண்டைக்குள்ளயும் கசிஞ்சிருச்சு. ஆஸ்பத்திரியில கிடந்தேன், பொழைச்சதே பெருசு. எங்கம்மாவை நான் குத்தம் சொல்லல. ஆனா ஊசிக்குப் பயந்து எங்கம்மா விட்ட தப்பை நீங்க விட்றாதீங்க." அவ்வளவுதான் அவன் சொன்னது. ரெங்கராஜ் அதற்குப் பிறகு ஊசி வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிப் போடுவது என்று மட்டும் அலைந்துகொண்டிருந்தான்.

இப்போது அந்த அலைச்சலுக்குப் பலன் கிடைத்துவிட்ட களிப்பில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில விசாரிச்சேன். கவர்மென்ட்ல போடறது பெண்டா. அஞ்சு நோய்க்குத்தான். அதோட போலியோவுக்குத் தனியா ஒரு குத்து, நிமோனியாவுக்கு ஒரு குத்து. மொத்தம் மூணு. இங்க ஹெக்ஸான்னு ஒண்ணு. அஞ்சோட போலியோவும் ஒரே ஊசியில. நிமோனியாவையும் சேர்த்தா ரெண்டே குத்து. வலியும் கம்மி, காய்ச்சலும் வராதாம். செலவு கூடத்தான். என் புள்ளைக்கு ஒரு குத்து குறையுதுன்னா நான் கடையையே எழுதிக் குடுப்பேன்."

பிரேமலதாவுக்கும் அந்த நிமிஷம் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கிய மாதிரிதான் இருந்தது. மூன்று குத்து இரண்டாகிறது. ரத்தம் நிற்காத குழந்தைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அவள் வேலை வேறு மாதிரி. துவாக்குடியில் கொதிகலன் உதிரிபாகம் செய்கிற ஒரு பட்டறையில் வரைபடம் போடுகிறவள் அவள். இப்போது பிரசவ விடுப்பு. வாடிக்கையாளர் வந்து, இந்தத் தகட்டில் ஒரு துளையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றால் அவள் உடனே கேட்பது, எந்தத் துளை என்பதுதான். எட்டில் ஒன்று போனால் ஏழு என்று கணக்கு வேண்டுமானால் சரியாக இருக்கும். போனது பாரம் தாங்குகிற துளையா, சும்மா பெயர்ப்பலகை மாட்டுகிற துளையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"குறையற குத்து எதுங்க?" என்றாள்.

"எதுவா இருந்தா என்ன? குத்து குத்துதானே."

"அப்படித் தெரியல. புத்தூர்ல டாக்டரம்மாவைக் கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்."

ரெங்கராஜின் முகம் சுருங்கியது. அவன் கொண்டுவந்த மகிழ்ச்சியை அவள் வாங்கி வைத்துக்கொள்ளாமல் தராசில் போட்டுப் பார்க்கிறாள் என்று பட்டிருக்க வேண்டும். ஆனாலும் மறுநாள் காலையில் அவனே ஆட்டோ கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான்.

புத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஹீமோபிலியாவுக்கென்று ஒரு பிரிவு இருந்தது. அங்கே குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர் ஜென்சி, பிறந்த நாளிலிருந்தே சாமியை அறிந்தவர். குட்டையான உருவம், பெரிய குரல். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் குழந்தையின் உள்ளங்காலை ஒரு தடவை வருடிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்.

ரெங்கராஜ் தான் விசாரித்ததை ஒன்று விடாமல் சொன்னான். சொல்லி முடித்து, "தப்பா நினைக்காதீங்க மேடம். இங்க நல்லாப் பாக்குறீங்க. ஆனா குத்து குறையுதுல்ல, அதான்" என்றான்.

"இதுல தப்பா நினைக்க என்ன இருக்கு? ஹெக்ஸா நல்ல ஊசிதான். உங்களுக்குச் சொன்னதும் பொய்யில்ல."

"அப்ப அங்கயே போட்டுக்கலாங்களா?"

"மேடம்," என்று பிரேமலதா குறுக்கே புகுந்தாள், "மூணு குத்து ரெண்டாகுதுன்னா, அந்த மூணுல எந்தக் குத்து இல்லாமப் போகுது?"

டாக்டர் ஜென்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

"சரியான இடத்துல கேட்டீங்க. சொல்றேன். பெண்டா ஊசி தொடைச் சதையில ஆழமாப் போகும். தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ், மஞ்சக்காமாலை பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொண்டுவர்ற ஹிப் கிருமி, இந்த அஞ்சுக்கும் அது. நிமோனியா ஊசின்னு இன்னொண்ணு இருக்கே, அது வேற கிருமிக்கு. அதுவும் இன்னொரு தொடைச் சதையில. மூணாவது போலியோ ஊசி. அதைச் சதையில போடறதில்ல. கையில, தோலுக்கு உள்ளேயே, ஒரு சொட்டு மருந்து. கொசு கடிச்ச மாதிரி ஒரு சின்னப் புடைப்பு வரும், அடங்கிடும்."

"ஹெக்ஸா போட்டா?"

"அந்தத் தோல் ஊசிதான் இல்லாமப் போகும். தொடையில ரெண்டும் அப்படியே இருக்கும். சதையில போற ஊசிதான் உங்க பையனுக்குப் பிரச்சனை. உள்ள கசிஞ்சா வெளிய தெரியாது, கட்டிக்கும். தோல்ல போடறது அப்படியில்ல. லேசாப் பொத்திப் பிடிச்சா நின்னுடும்."

பக்கத்து அறையில் ஒரு குழந்தை வீல் என்று கத்தி, உடனே ஓய்ந்தது. ரெங்கராஜ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடையையே எழுதிக் கொடுப்பேன் என்று சொன்னவன். அவன் காசு கொடுத்துக் குறைக்க இருந்த குத்து, தன் மகன் பயப்பட வேண்டாத குத்து என்று தெரிந்தது அவனுக்கு ஏமாற்றமாக இருந்ததா, வெட்கமாக இருந்ததா என்று பிரேமலதாவால் சொல்ல முடியவில்லை. அவன் கையை அவள் மேசைக்கு அடியில் பிடித்துக்கொண்டாள்.

"காய்ச்சல், வலி கம்மின்னாங்களே?" அவன் விடவில்லை.

"அது உண்மை. ஹெக்ஸாவுல ரெண்டு தினுசு இருக்கு. உங்களுக்குச் சொன்னது விலை கூடினது. அதுல கக்குவான் கிருமியோட சில துண்டுகளை மட்டும் எடுத்துச் சேர்த்திருப்பாங்க. அதனால காய்ச்சல், வீக்கம் கம்மி. நாங்க போடற பெண்டாவுல கொன்ன கிருமி முழுசா இருக்கு. காய்ச்சல் வரலாம், ஒரு நாள் ரெண்டு நாள் சிணுங்குவான். ஆனா முழுக் கிருமியில வர்ற பாதுகாப்பு கொஞ்சம் கூடுதல் காலம் நிக்குதுன்னு பாத்திருக்காங்க. ஒண்ணு கிடைச்சா ஒண்ணை விடணும், அவ்வளவுதான். முழுக் கிருமியோட விலை கம்மியான ஹெக்ஸாவும் வெளிய கிடைக்கும். அதுல காய்ச்சல் இதே மாதிரிதான் வரும்."

"அப்ப அந்தக் காஸ்ட்லி ஊசி யாருக்குத்தான் வேணும்?" பிரேமலதா கேட்டாள்.

"போன மாசம் ஒரு அம்மாவுக்கு நானே எழுதிக் குடுத்தேன். முதல் பெண்டா போட்டதும் குழந்தை மூணு மணி நேரத்துக்கு மேல விடாமக் கத்திச்சு. அடுத்த தவணைக்குத் துண்டு ஊசிதான் போடச் சொன்னேன். அந்தக் குழந்தைக்கு அது பெறுமானம். கையில வசதி இருக்கு, புள்ளை சிணுங்கறதைப் பாக்க முடியலன்னு ஒருத்தர் போட்டாலும் வேணாம்னு சொல்ல மாட்டேன். உங்க பையனுக்கு நீங்க எதுக்காகக் காசு குடுக்கறீங்கன்னு தெரிஞ்சு குடுங்க. எங்க போட்டாலும் எனக்கு மூணு விஷயம் வேணும். இருக்கறதிலேயே மெல்லிசான ஊசி. போடறதுக்கு முன்னாடி ஐஸ் ஒத்தடம். போட்ட பிறகு தேய்க்காம, பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும். முன்கூட்டியே ஃபேக்டர் ஏத்த மாட்டேன், அதுக்கு நரம்பு தேடி இன்னொரு குத்து ஆகும். ஆனா வீங்கினா ஏத்தறதுக்குத் தயாரா அதே கட்டடத்துல இருக்கணும்."

ஃபேக்டர் என்றால், இந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் இல்லாமல் போன அந்த உறையவைக்கிற பொருள். பொடியாக வரும், கரைத்து நரம்பில் ஏற்றுவார்கள். பூவரசனுக்கு அதை ஏற்றுவதைப் பிரேமலதா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் ரெங்கராஜ் போனை எடுத்தான். அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். மரியாதையாகப் பேசினார்கள். ஹீமோபிலியா குழந்தையா, அப்படியென்றால் உங்கள் டாக்டரின் சீட்டோடு வாருங்கள், ஃபேக்டர் எங்களிடம் இருப்பில் இல்லை, நீங்கள் வாங்கி வந்தால் உதவுகிறோம் என்றார்கள். ரெங்கராஜ் நன்றி சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டான்.

"அவங்க மேல தப்பில்ல," என்றான். "நான்தான் ஊசியைப் பத்தி மட்டும் விசாரிச்சேன். சுத்தி என்ன வேணும்னு கேக்கல."

"இப்பக் கேட்டீங்கல்ல."

"இலவசத்தைப் போட்டோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்தா? உங்க அண்ணன் மாதிரி ஏதாவது ஆகிட்டா? செலவு பண்ணியிருந்தா தப்பிச்சிருப்பானோன்னு என் காலம் முழுக்க உறுத்துமே பிரேமா."

அப்போதுதான் அவளுக்கு அவனை முழுசாகப் புரிந்தது. அவன் ஊசியை வாங்கவில்லை. பின்னால் வரப்போகிற உறுத்தலுக்கு இப்போதே விலை கொடுத்துவிடப் பார்க்கிறான். தானும் சில நாள் குழந்தையைக் குளிப்பாட்டும்போது அதைத்தானே செய்கிறோம், கண்ணீரால்.

"எனக்கும் உறுத்தும்," என்றாள். "என் ரத்தத்துலேருந்துதான் அவனுக்கு வந்துச்சு. அதுக்காக அவனுக்கு வேண்டாததை வாங்கிப் போட்டா சரியாயிடுமா? தொடையில எப்படியும் ரெண்டு போகணும். அந்த ரெண்டையும் நல்லபடியா போட இங்கதான் எல்லாம் இருக்கு. நாம பிடிச்சுக்குவோம். ஆளுக்கு ஒரு கால்."

ரெங்கராஜ் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். "எனக்கு வலது கால்," என்றான்.

ஆறு வாரம் முடிந்த புதன்கிழமை. தடுப்பூசி அறையில் மயிலம்மாள் என்கிற நர்ஸ் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். டாக்டர் ஜென்சி பக்கத்திலேயே நின்றார். முதலில் வாயில் சொட்டு: போலியோவுக்கு ஒன்று, வயிற்றுப்போக்குக்கு ஒன்று. சாமி அதை நாக்கைச் சுழற்றிச் சப்பிப் பார்த்தான். துணியில் சுற்றிய ஐஸைத் தொடையில் வைத்ததும் உதட்டைப் பிதுக்கினான். அப்புறம் வலது கையில், தோலுக்குள், அந்தச் சின்ன ஊசி. ஒரு வெளிறிய புடைப்பு எழும்பியது. பஞ்சை வைத்து மயிலம்மாள் லேசாகப் பொத்தினார். ஒரு புள்ளி ரத்தம், அவ்வளவுதான். பஞ்சை எடுத்தபோது அதுவும் நின்றிருந்தது.

ரெங்கராஜ் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். இதைக் குறைக்கவா அவ்வளவு அலைந்தோம் என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"இப்பத்தான் நிஜம்," என்றார் டாக்டர். "பிடிச்சுக்கோங்க."

இடது தொடையில் பெண்டா. சாமி ஒரு கணம் மூச்சை இழுத்து, பிறகு அந்தக் கட்டடமே அதிரக் கத்தினான். பிரேமலதா பஞ்சை வைத்து இரண்டு விரலால் அழுத்தினாள். வலது தொடையில் நிமோனியா ஊசி. ரெங்கராஜ் அழுத்தினான். "தேய்க்காதீங்க, அசைக்காதீங்க, சும்மா அழுத்தம் மட்டும்," என்று மயிலம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தார். குழந்தையை மார்பில் போட்டுப் பால் கொடுத்தபடியே அவள் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்து அவன். கடையில் ஏணியேறி ஃபேன் மாட்டுகிற கை, அங்கே நடுங்காமல் நின்றது. நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியபோதுகூடத் துடைக்க அவன் கையை எடுக்கவில்லை.

நேரம் ஆனதும் டாக்டர் குனிந்து இரண்டு பஞ்சையும் எடுத்துப் பார்த்தார். தடவிப் பார்த்தார். "சபாஷ்," என்றார், குழந்தையிடமா அவர்களிடமா என்று தெரியவில்லை. மதியம் வரை வார்டில் இருக்கச் சொல்லி, இன்னொரு தடவை பார்த்துவிட்டு அனுப்பினார். காய்ச்சல் வந்தால் எடைக்கு ஏற்றபடி பாரசிட்டமால் சொட்டு, வேறு எந்த வலி மாத்திரையும் கூடாது. வீக்கம் தெரிந்தால் அதைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள், கோட்டைத் தாண்டினாலோ காலை அசைக்க மறுத்தாலோ உடனே வாருங்கள் என்று எண்ணையும் எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே சோதனை வந்தது. குழந்தைக்கு உடம்பு கொதித்தது. அதற்கு மருந்து கொடுத்தாயிற்று. ரெங்கராஜ் துணி மாற்றும்போது இடது தொடையில் விரலுக்குக் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

"பிரேமா! வீங்குது பாரு. ஆட்டோ கூப்பிடறேன்," ரெங்கராஜ் சட்டையை மாட்டிக்கொண்டே எழுந்தான். "அந்த ஊசி போட்டிருந்தா இது வந்திருக்காது. நான் அப்பவே..."

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்திருந்தால் அது அவர்களுக்குள்ளே எப்போதும் கிடந்திருக்கும்.

பிரேமலதா பேனாவை எடுத்தாள். கெட்டியாக இருந்த இடத்தின் ஓரத்தை விரலால் தேடித் தேடி, அதன் மேல் கோடு போட்டாள். கொதிகலன் தகட்டுக்குப் போடுகிற அதே நிதானத்தோடு. சின்னப் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வட்டம். பிறகு டாக்டர் கொடுத்த எண்ணுக்கு அழைத்தாள்.

"காலை அசைக்கிறானா?" டாக்டர் ஜென்சியின் குரல்.

"உதைக்கிறான் மேடம்."

"தோல் நீலமா இருக்கா?"

"இல்ல. லேசா சிவப்பு."

"பெண்டாவுக்கு அந்த மாதிரி கெட்டி வரும், நல்லா இருக்கற குழந்தைக்கும் வரும். கோடு போட்டீங்கல்ல? அடிக்கடி பாருங்க. தாண்டினா வாங்க, வார்டுல சொல்லி வைக்கிறேன், ஃபேக்டர் தயாரா இருக்கும்."

ரெங்கராஜ் சட்டையைக் கழற்றவில்லை. செருப்பையும் வாசலில் போட்டபடியே வைத்திருந்தான். இருவரும் குழந்தையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அந்தக் கோட்டைக் காவல் காத்தார்கள். வீக்கம் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. தாண்டவில்லை. காய்ச்சல் இறங்கிக் குழந்தை அயர்ந்து தூங்கியது. தெற்குக் கோபுரத்துப் பக்கம் பூக்காரர்களின் சத்தம் கேட்கத் தொடங்கிய விடியலில் பிரேமலதா துணியை விலக்கிப் பார்த்தாள். கோட்டுக்கும் வீக்கத்துக்கும் நடுவே சுற்றிலும் மெல்லிய இடைவெளி விழுந்திருந்தது.

"என்னங்க, எழுந்து பாருங்க. சுருங்கிடுச்சு."

உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்த ரெங்கராஜ் திடுக்கிட்டு விழித்தான். பார்த்தான். விரலால் தொட்டான். மறுபடியும் தொட்டான். பிறகு அவன் சிரித்த சிரிப்பில் சாமி விழித்துக்கொண்டு அழ, அடுத்த வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்ன ஆயிற்று என்று குரல் கொடுத்தார். "ஒண்ணும் ஆகலைங்க! ஒண்ணுமே ஆகல!" என்று இவன் கூவினான். அதைவிட நல்ல செய்தி அந்தத் தெருவில் அன்று வேறு யார் வீட்டிலும் இருந்திருக்காது.

அதற்குப் பிறகு பயம் தன் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. பத்தாவது வாரம் போனார்கள். அந்தத் தவணைக்கு அரசு அட்டவணையில் பெண்டா ஒன்றுதான். போலியோ ஊசியும் கிடையாது, நிமோனியா ஊசியும் கிடையாது. ரெங்கராஜ் கால்களைப் பிடிக்கத் தயாராக முட்டிபோட்டு உட்கார்ந்தவன், "இன்னிக்கு ஒண்ணே ஒண்ணா?" என்று கேட்டு, கொஞ்சம் யோசித்தான்.

"மேடம், ஹெக்ஸாவா இருந்தாலும் இன்னிக்கு ஒரு குத்துதானே? அப்ப இந்தத் தவணைக்கு அதுல லாபமே இல்லையே?"

"குத்துக் கணக்குல இல்ல," என்றார் டாக்டர். "பலபேர் வெளிய இன்னிக்கு நிமோனியா ஊசியும் சேர்த்துப் போடுவாங்க. அப்ப அங்க ரெண்டு, இங்க ஒண்ணு."

ரெங்கராஜ் பிரேமலதாவைத் திரும்பிப் பார்த்தான். "இப்ப நானும் எந்தக் குத்துன்னு கேக்கக் கத்துக்கிட்டேன் பாத்தியா" என்றான். அந்த வாரம் அவள் வளையல்களை எடுத்து மாட்டிக்கொண்டபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பதினாலாவது வாரம் ஆடியில் வந்தது. முதல் சுற்றின் கடைசித் தவணை. பூவரசன் தொட்டியத்திலிருந்து காலை பஸ்ஸில் ஒரு சீப்பு பூவன்பழத்தோடு வந்து, காலைச் சுழற்றிப் போட்டு நடந்து, ஆஸ்பத்திரிப் படியேறி, தடுப்பூசி அறை வாசலில் நின்றான். உள்ளே வா அண்ணே என்று பிரேமலதா கூப்பிட்டதற்கு, "நான் இங்கேருந்தே கேட்டுக்கறேன்," என்றான். ஊசி என்றால் இன்றைக்கும் அவனுக்கு முகம் மாறும்.

மறுபடியும் சொட்டு, கையில் தோல் ஊசி, தொடையில் இரண்டு. சாமி இப்போது வளர்ந்துவிட்டான்; கத்துவதிலும் வளர்ந்திருந்தான். அம்மா ஒரு கால், அப்பா ஒரு கால். மயிலம்மாள் சொல்லாமலேயே இருவர் விரலும் சரியான இடத்தில் சரியான அழுத்தத்தில் நின்றன. பஞ்சை எடுத்தார்கள். வீக்கம் இல்லை. நீலம் இல்லை. கண்ணீர் கன்னத்தில் காய்வதற்குள், மயிலம்மாள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து இழுத்து வாயில் வைக்கப் பார்த்தான் சாமி.

டாக்டர் ஜென்சி தடுப்பூசி அட்டையில் கையெழுத்துப் போட்டார். "அஞ்சு நோய்க்கு மூணு தவணையும் ஆச்சு. ஒன்பதாம் மாசம் வாங்க, அப்ப தட்டம்மை ஊசி, போலியோவும் நிமோனியாவும் ஒவ்வொண்ணு. அதுவரைக்கும் என் மூஞ்சியைப் பாக்க வேண்டிய அவசியம் வராம இருக்கட்டும்."

வாசலில் நின்ற பூவரசன் அப்போதுதான் உள்ளே வந்தான். மருமகனின் இரண்டு தொடையையும் குனிந்து பார்த்தான். தன் ஒரே ஒரு ஊசி வீக்கத்துக்குப் பிறகு என்னென்ன நடந்தது என்று அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையை நீட்டினான். பிரேமலதா குழந்தையை அவனிடம் கொடுத்தாள். மாமனின் மீசையைப் பிடித்து இழுத்தான் சாமி. "இருமலு, அடைப்பானு எதுவும் கிட்ட வராதுடா உனக்கு," என்று பூவரசன் அவன் காதில் சொன்னான்.

ரெங்கராஜ் அதற்குள் வெளியே ஓடிப்போய்ப் பெரிய பெட்டி நிறைய ஜாங்கிரி வாங்கி வந்து, வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்தான். "இது ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் இல்ல," என்று டாக்டர் சத்தம் போட்டார். மயிலம்மாள் இரண்டு எடுத்துக்கொண்டார். டாக்டரும் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த குழந்தையைக் கூப்பிடச் சொன்னார்.

திரும்பும்போது ஆட்டோ வேண்டாம், பஸ்ஸிலேயே போகலாம் என்றான் ரெங்கராஜ். கூட்டத்தில் குழந்தையைக் கொண்டுபோவதாவது என்று மூன்று மாதமாகப் பயந்தவன். சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தார்கள். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாகத் திரும்பினார்கள். மேட்டூர் தண்ணீர் வந்துவிட்டது. கரைக்குக் கரை, செம்மண் நிறத்தில், நுரைத்துக்கொண்டு போனது ஆறு. ரெங்கராஜ் மகனைத் தூக்கி ஜன்னலுக்கு நேராக நிறுத்தினான். சாமி ஈரக்காற்று முகத்தில் அடித்ததும் கண்ணை இறுக்கி மூடி, பிறகு அகலத் திறந்து, ஊசி போட்ட இரண்டு காலாலும் அப்பாவின் வயிற்றில் ஓங்கி ஓங்கி உதைத்தான்.

"அடேயப்பா, என்னா உதை!" என்றார் பின்சீட்டுக்காரர்.

"உதைக்கட்டும்ங்க," என்றாள் பிரேமலதா. "நல்லா உதைக்கட்டும்."